ஆறுமுகத்தாயின் விளக்குக் கணக்கு

கோவில்பட்டியில் ஒரு பெண்ணுக்கு வியர்க்கிறது என்றால் அதை நோய் என்று யார் சொல்வார்கள்? சித்திரையில் இந்த ஊரில் சுவருக்கே வியர்க்கும். அதனால் பூங்கொடிக்கு நெஞ்சிலிருந்து கழுத்து வழியாகக் குப்பென்று ஏறிய வேக்காடு கோடை முழுக்க யார் கண்ணிலும் படவில்லை. மார்கழி வந்தபிறகுதான் குட்டு உடைந்தது. ஊரே மஃப்ளர் சுற்றிக்கொண்டு திரிகையில் அவள் மட்டும் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு அதற்கு நேர் கீழே படுத்தாள். பக்கத்தில் அவள் புருஷன் அருண்பாண்டியன் இரண்டு போர்வைக்குள் உருண்டையாகச் சுருண்டு கிடந்தான்.

"ஏட்டி, ஒனக்கு வேக்குதா இல்ல என்னக் கொல்லப் பாக்கியா?" என்று உருண்டைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

பூங்கொடிக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணமாகி மூன்று வருடம். அருண்பாண்டியனுக்கு மார்க்கெட் ரோட்டில் விதையும் உரமும் விற்கும் கடை. கரிசல்காட்டுச் சம்சாரிகள் மழைக்கு முன்னால் பருத்தி விதைக்கும் கம்பு விதைக்கும் அவன் கடையில்தான் வந்து நிற்பார்கள். வீட்டில் மாமியார் ஆறுமுகத்தாய். மாமனார் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. ஆறுமுகத்தாய்க்கு மருமகளைப் பிடிக்கும். ஆனால் பிடிக்கும் என்பதை வாயால் சொன்னால் மரியாதை கெட்டுவிடும் என்று நினைக்கிற ஆள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் பொழுதடையப் பூஜை அறையில் விளக்கேற்றுவது பூங்கொடியின் வேலை. மாதத்தில் அந்தச் சில நாட்கள் மட்டும் அவள் ஒன்றும் சொல்லாமல் தீப்பெட்டியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவாள். ஆறுமுகத்தாயும் ஒன்றும் கேட்காமல் எடுத்து ஏற்றிவிடுவாள். பேச்சே இல்லாமல் நடக்கிற காரியம். ஆனால் அந்தத் தீப்பெட்டி கை மாறுவதை ஆறுமுகத்தாய் கவனிக்கிற கவனிப்பு இருக்கிறதே, ஊரில் தீப்பெட்டி செய்யும் ஆபீஸ் வைத்திருக்கிற முதலாளிகூடத் தன் தீப்பெட்டியை அப்படிக் கவனித்திருக்க மாட்டார்.

ஐப்பசியில் தீப்பெட்டி ஜன்னலுக்கு வரவில்லை. கார்த்திகையில் வரவில்லை. மார்கழியிலும் வரவில்லை. ஆறுமுகத்தாய் முகத்தில் ஒரு மினுமினுப்பு ஏறிவிட்டது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே நாகலாபுரத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள், எதிர் வீட்டில் சொன்னாள், மோர்க்காரியிடம் சொன்னாள். இரண்டு நாளில் வீட்டுக்கு மாங்காயும் புளியங்காயும் வந்து சேர்ந்தன. மார்கழியில் மாங்காயை எங்கே பிடித்தார்களோ தெரியவில்லை.

பூங்கொடிக்கும் ஆசை இல்லாமல் இல்லை. வெளியே வெட்கப்பட்டாலும் உள்ளுக்குள் அவளும் ஒரு பேரை யோசித்துவிட்டாள். அந்த ஆசையோடுதான் புருஷனைக் கூட்டிக்கொண்டு டாக்டர் கல்யாணசுந்தரியிடம் போனாள்.

பரிசோதனையில் கர்ப்பம் இல்லை. ஸ்கேனிலும் இல்லை. டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். வேக்காடு வருகிறதா, தூக்கம் கெடுகிறதா, சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகை முட்டுகிறதா என்று கேட்டார். மூன்றுக்கும் பூங்கொடி ஆமாம் என்றாள். மூன்றாவதற்கு ஆமாம் என்று சொல்லும்போதே அழுதாள். ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஒரு தடவை பார்த்து முடிவு சொல்லக் கூடாது என்று ஒரு மாதத்துக்கு மேல் கழித்து இன்னொரு தடவையும் எடுத்தார்கள். தைராய்டு பார்த்தார்கள், குரோமோசோமும் பார்த்தார்கள். அவை இரண்டும் ஒழுங்காக இருந்தன.

"ஒன் சினைப்பை முன்னாடியே ஓய ஆரம்பிச்சிட்டு தாயி" என்றார் டாக்டரம்மா. "மூளை கெடந்து கத்துது, முட்டையை அனுப்பு அனுப்புன்னு. எப் எஸ் எச்சுனு ஒரு ஹார்மோன். அது ரெண்டு தடவையும் ரொம்பக் கூடுதலா இருக்கு. சினைப்பை பதில் சொல்லல. அது சுரக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் கொறஞ்சு போச்சு."

"இந்த வயசுலயா டாக்டரம்மா?"

"நாப்பதுக்குள்ள நூத்துல ஒருத்திக்கு வருது. ஒன் வயசுல இன்னும் அபூர்வம். ஏன்னு கேக்காத, பாதிப் பேருக்கு மேல காரணமே தெரியதில்ல. நீ செஞ்ச தப்பு ஒண்ணும் கெடையாது."

அருண்பாண்டியன் தொண்டையைச் செருமினான். "ஸ்டாக் தீந்து போச்சுன்னு சொல்லுதீங்களா?"

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். விதைக்கடைக்காரனிடம் வேறு எந்தப் பாஷையில் பேசுவது? "கிட்டத்தட்ட. ஆனா கடைய ஒரேயடியாப் பூட்டல. எப்பவாவது குடோன் மூலைலருந்து ஒண்ணு வெளிய வரலாம். நூறு பேர்ல அஞ்சு பத்துப் பேருக்குத் தானாவே புள்ள தங்கியிருக்கு. எப்போ, யாருக்குன்னு சொல்ல முடியாது. அத நம்பி உக்காந்திருக்கவும் முடியாது."

பிறகு மருந்து சொன்னார். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தினமும். மாதத்தின் பிற்பாதியில் அதோடு புரோஜெஸ்டிரோன் என்று இன்னொன்று, கர்ப்பப்பையின் உள்தோல் தடித்துக் கெட்டுப்போகாமல் இருக்க. அதை நிறுத்தியதும் மாதவிலக்கு வரும். ஐம்பது வயதுவரை சாப்பிட வேண்டும்.

"ஐம்பதா!" என்றான் அருண்பாண்டியன்.

"ஒடம்பு தானா சுரந்திருக்க வேண்டியதத்தான் வெளிய இருந்து குடுக்கோம். இல்லாட்டி முப்பத்தஞ்சு வயசுல எலும்பு அறுபது வயசுக்காரி எலும்பு மாதிரி ஆயிரும். இருதயத்துக்கும் நல்லதில்ல. பால் குடி, நட, வெயில்ல கொஞ்சம் நில்லு. வெயிலுக்கு இந்த ஊர்ல பஞ்சமில்ல."

"விலக்கு வந்தா அப்போ புள்ளையும்..." என்று பூங்கொடி இழுத்தாள்.

"அங்கதான் எல்லாரும் தப்பு பண்ணுதாங்க. இது மாத்திரை வரவழைக்கிற விலக்கு. முட்டை திரும்பி வந்துட்டுன்னு அர்த்தமில்ல." டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஒன் கர்ப்பப்பை நல்லா இருக்கு. இன்னொரு பொண்ணு குடுக்கிற முட்டையும் ஒன் வீட்டுக்காரர் உயிரணுவும் சேத்து, கருவாக்கி, ஒன் வயித்துல வைக்கலாம். மதுரையில செய்யுதாங்க. சுமக்கதும் பெறுததும் நீதான். ஒரே தடவையில தங்கும்னு சத்தியம் பண்ண முடியாது. இல்ல, தத்து எடுத்துக்கலாம். இல்ல, ரெண்டு பேருமாவே சந்தோஷமா இருக்கலாம். இன்னைக்கே முடிவு எடுக்க வேண்டாம்."

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பூங்கொடி அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய், சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கோவில்பட்டியில் குழாயை நம்பி அழலாமா? தண்ணீர் வராத நாள். காற்று இரண்டு தடவை புஸ்ஸென்றதோடு சரி. அவள் தேம்பியது முழுக்க அடுப்படிவரை கேட்டது. ஆறுமுகத்தாய் ஓடி வந்து கதவோரம் நின்று, முகம் மலர, "வாந்தியெடுத்தா நல்லதுதான் தாயி, ஒண்ணும் பயப்படாத" என்றாள்.

அதைக் கேட்டபிறகு பூங்கொடி இன்னும் கொஞ்ச நேரம் அழுதாள்.

அம்மாவிடம் சொல்வது தன் பொறுப்பு என்று அருண்பாண்டியன் ஏற்றுக்கொண்டான். "நேரம் பாத்துச் சொல்லுதேன்" என்றான். சிவராத்திரி போகட்டும் என்றான். பருத்தி எடுப்பு முடியட்டும் என்றான். அம்மாவுக்குப் பல்வலி, அது தீரட்டும் என்றான். ஆயிரம் சம்சாரிகளிடம் இந்த விதை முளைக்கும் என்று கூசாமல் சொன்ன நாக்கு, அம்மா முன்னால் முளைக்கவே மாட்டேன் என்றது.

ஒன்றை மட்டும் அவன் சாமர்த்தியமாகச் செய்தான். மாத்திரையை ஒளித்து வைக்க இடம் கண்டுபிடித்தான். கடையில் பருத்தி விதையோடு பூச்சி மருந்துப் பொடி வரும். அந்தப் பொடியின் காலி உறை ஒன்று, உள்ளே எதுவுமே போடாத புத்தம் புது உறை. மேலே சிவப்பில் மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு. அதற்குள் மாத்திரை அட்டைகளைப் போட்டு அலமாரி மேல் தட்டில் வைத்தான். "இத எவளும் தொட மாட்டா" என்று பெருமையாகச் சொன்னான். ஆறுமுகத்தாய் அந்தப் பக்கம் விளக்குமாறுகூடக் கொண்டுபோகவில்லை என்பது உண்மைதான்.

மாசி கடைசியில் தீப்பெட்டி ஜன்னலுக்கு வந்தது.

ஆறுமுகத்தாய் அதைப் பார்த்து அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். டாக்டர் இல்லை என்று சொன்னதை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. மெஷினுக்கு என்ன தெரியும், நாள் ஆகட்டும் என்று மாங்காயை ஊறுகாய் போட்டு வைத்திருந்தாள். இப்போது கரு கலைந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். கலைந்த உடம்பைத் தேற்ற வேண்டாமா? எள்ளு, வெந்தயம், சதகுப்பை, கருப்பட்டி, இன்னும் பேர் தெரியாத நாலு சாமான் போட்டுக் கஷாயம் வைத்தாள். தார் மாதிரி இருந்தது. வாசம் தெருமுனைவரை போனது. பூங்கொடி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். இல்லாத கர்ப்பம் கலைந்ததற்கு நாட்டுக்கோழிச் சாறு, நல்லெண்ணெய்க் குளியல் என்று ராஜ உபசாரம் நடந்தது. குற்ற உணர்ச்சியில் எல்லாவற்றையும் மறுக்காமல் சாப்பிட்டு அவளுக்கு ஒரு சுற்றுச் சதைகூடப் போட்டது. வேக்காடும் நின்றது. தூக்கம் வந்தது.

அடுத்த மாதம் தீப்பெட்டி வந்தது. அதற்கடுத்த மாதமும். நாள் பிசகவில்லை. மாத்திரைக்காரியம் அல்லவா, எப்படிப் பிசகும்?

ஆறுமுகத்தாய் நாட்காட்டியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். மருமகள் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்தாள். அப்புறம் தான் வைத்த கஷாயச் சட்டியைப் பார்த்தாள். அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு வைத்தியச்சி பிறந்தாள்.

"நாலு மாசம் நின்னது. நம்ம கஷாயம் உள்ள போனதுதான் தாமசம், கடிகாரம் மாதிரி வருது. இனிமே புள்ளைக்கு என்ன தடங்கல்?" என்று மோர்க்காரியிடம் சொன்னாள். மோர்க்காரி பத்துத் தெருவுக்குச் சொன்னாள். புதூரிலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். துணி வியாபாரி கிபாயத்துல்லாவின் சம்சாரம் சாஜிதாகூடத் தூக்குவாளி கொடுத்தனுப்பினாள், முழங்கால் வலிக்கு. முழங்காலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆறுமுகத்தாய் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றினாள்.

பூங்கொடிக்குத்தான் சோறு இறங்கவில்லை. மாமியாரின் புகழ் ஏற ஏற, தன் வயிற்றின்மேல் ஊரே கண் வைத்திருப்பதாகத் தோன்றியது. கஷாயமும் குடித்து, விலக்கும் ஒழுங்காகி, இன்னும் ஏன் தங்கவில்லை என்று இன்னும் ஆறு மாதத்தில் கேட்பார்கள். அப்புறம் வளைகாப்பு வீடுகளில் அவளைப் பின்வரிசையில் உட்கார வைப்பார்கள். மாமியாரின் மனசும் ஒருநாள் மாறிவிடும். அதுதான் அவளுக்குப் பயம். இந்தப் பொம்பளையின் அன்பை இழந்துவிடுவோம் என்ற பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து ஆறுமுகத்தாயின் சித்தி மகள் உச்சிமாகாளி தன் மகள் ஜெயப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குப் பத்தொன்பது வயது, காலேஜில் படிக்கிறாள். ஆறு மாதமாக விலக்கு இல்லை.

"டாக்டர்ட்ட போனா ரத்தம் எடுக்கணும்ங்காவ. எதுக்குக்கா ரத்தம்? ஒங்க கஷாயம் இருக்கையில" என்றாள் உச்சிமாகாளி.

"எதுக்கு ரத்தம்? இருக்கிற ரத்தம் பத்தாதுன்னுதானே வந்திருக்கா" என்று ஆறுமுகத்தாய் சட்டியை இறக்கினாள்.

ஜெயப்பிரியா தாவணித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பூங்கொடி அவளையே பார்த்தாள்.

"ராத்திரி வேக்குதா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. நெஞ்சு படபடன்னு அடிக்கு. தூக்கமே இல்ல."

பூங்கொடிக்கு அந்த நொடியில் தன் பயமெல்லாம் சின்னதாகிப் போயிற்று. இந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கிறதோ, தன்னுடையதேதானோ, வேறு ஏதாவதோ, யாருக்குத் தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டிய ரத்தத்தை ஒரு சட்டிக் கஷாயம் தடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கஷாயத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இவள் உடம்புதான். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று உள்ளறைக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து அந்த உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எல்லோர் முன்னாலும் ஒரு மாத்திரையைப் போட்டுக் காட்டிவிடுவதென்று ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு.

ஆறுமுகத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். மருமகள் கண்ணில் கண்ணீர். கையில் மண்டையோடு. இன்னொரு கையில் தண்ணீர்.

பருத்திக்காட்டு ஊர்களில் இந்த மூன்றும் சேர்ந்தால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

"எய்யோ! புள்ள மருந்தக் குடிக்கப் போறாளே!" என்று அலறிக்கொண்டு ஆறுமுகத்தாய் பாய்ந்தாள். அறுபது வயதுக்காரி பாய்ந்த பாய்ச்சலில் கஷாயச் சட்டி கவிழ்ந்தது. உச்சிமாகாளி வழுக்கி விழுந்தாள். ஆறுமுகத்தாய் மருமகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மறு கையால் உறையைப் பிடுங்கினாள். "ஏட்டி! நான் என்ன சொல்லிட்டேன்னு இப்படி? புள்ள இல்லாட்டிப் போகுது! எனக்கு நீ போதும்டி! எனக்கு நீ போதும்!"

உறை கிழிந்தது. கஷாயச் சேற்றில் மாத்திரை அட்டைகள் பொத்து பொத்தென்று விழுந்தன.

சத்தம் கேட்டு எதிர் வீட்டிலிருந்து ஓடிவந்த அருண்பாண்டியன், தரையைப் பார்த்தான், உறையைப் பார்த்தான், "எம்மா, நேரம் பாத்துச் சொல்லலாம்னு..." என்று ஆரம்பித்தான்.

"வாய மூடுலே" என்றாள் ஆறுமுகத்தாய். பிடியை விடாமலே.

பூங்கொடி தரையில் உட்கார்ந்து, அட்டைகளைப் பொறுக்கித் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வேக்காடு, மதுரைக்குப் போன ரத்தம், ஓய்ந்த சினைப்பை, ஐம்பது வயதுவரை மாத்திரை. "விலக்கு வருதது இதாலதான் அத்தை. கஷாயத்தால இல்ல. நான் கர்ப்பமா இருக்கவே இல்ல. கலையவும் இல்ல. ஜெயப்பிரியாவுக்கு ரத்தம் பாக்காம ஒண்ணும் குடுக்காதிய."

ஆறுமுகத்தாய்க்கு முதலில் வந்தது துக்கமில்லை, ரோஷம். "அப்போ எங் கஷாயத்துல ஒண்ணுமே இல்லையா?"

"தூக்கம் நல்லா வந்துச்சு அத்தை" என்றாள் பூங்கொடி, பாதி பொய்யாக.

ஆறுமுகத்தாய் அதை வைத்துக்கொண்டு கொஞ்சம் தேறினாள். அப்புறம் சினைப்பையில் முட்டை தீர்ந்த சங்கதிக்குத் திரும்பினாள். "ஆம்பளைட்டதான் விதை, பொம்பளை நெலம்னு சொல்லுவாவ. பொம்பளைட்டயுமா விதை இருக்கு?"

"பாதி அவகிட்டதாம்மா" என்றான் அருண்பாண்டியன்.

"அறுபது வயசு வரைக்கும் எனக்கு எவனும் சொல்லலயே! பாதி என்னுதுன்னு தெரிஞ்சிருந்தா ஒங்கய்யாவை 'எல்லாம் எங்க விதை'ன்னு பேச விட்டிருப்பனா?" இறந்துபோன புருஷன்மேல் அவளுக்குப் புதிதாக ஒரு கோபம் வந்து, அன்று மாலைவரை அது தீரவில்லை.

ஜெயப்பிரியாவுக்கு ரத்தம் பார்த்தார்கள். அவளுக்கு வேறு சங்கதி, தைராய்டு கூடுதலாகச் சுரந்துகொண்டிருந்தது. அதற்கு வேறு மாத்திரை. சில மாதத்தில் சரியாகிவிட்டாள். தூக்குவாளியோடு வருகிறவர்களை ஆறுமுகத்தாய் இப்போது வாசலிலேயே மறித்து, "மொதல்ல கல்யாணசுந்தரி டாக்டர்ட்ட போ. அப்புறம் வா, ருசிக்குத் தாரேன்" என்றாள்.

டாக்டரம்மாவிடம் அவளும் ஒருநாள் கூடவே போய், வேறொரு பெண்ணின் முட்டையைப் பற்றி நாலு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டாள். வரும்போது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "நம்ம கடையில சம்சாரி விதை வாங்கிட்டுப் போறான். வெளஞ்சப்புறம் அது அவன் பருத்திதானே? கடைக்காரன் பருத்தின்னா சொல்லுதான்?" என்றாள்.

"அது நான் முடிவு பண்ணணும் அத்தை" என்றாள் பூங்கொடி. சொல்லிவிட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "தை பொறக்கட்டும். மதுரைக்குப் போய்ப் பாக்கேன். தங்கலைன்னா தத்து எடுக்கதப் பத்தி யோசிப்போம். அதுவும் வேண்டாம்னு தோணினா வேண்டாம்."

"நான் என்னமும் சொன்னனா?" என்றாள் ஆறுமுகத்தாய்.

அந்த மாதமும் நாள் பிசகாமல் வந்தது. பூங்கொடி வழக்கம்போலத் தீப்பெட்டியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு ஒதுங்கினாள். ஆறுமுகத்தாய் அதை எடுத்தாள். விளக்குப் பக்கம் போகவில்லை. கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

"இது மாத்திரை வரவழைக்கதுதானே?"

"ஆமா அத்தை."

"மாத்திரைக்கு என்ன தீட்டு? மருந்துக்கடையில ஆசாரம் பாக்குத அய்யமாருந்தான் விக்காவ." தீப்பெட்டியை மருமகள் கையில் திணித்தாள். "இனிமே எல்லா நாளும் நீயே ஏத்து. ஜன்னல்ல வைக்காத. நான் பாக்க மாட்டேன்."

பூங்கொடி குச்சியை உரசினாள். முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவதில் விளக்கு பிடித்துக்கொண்டது.